சம்மரியில் "யூரோசெப்சிஸ்" என்று மட்டும் இருந்தால்: டாக்டருக்கு க்யூரி எழுதும் முறை

கேள்வி: வணக்கம் மேடம். திருச்சியில் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அவுட்பேஷன்ட்டிலிருந்து இப்போதுதான் ஐபி-டிஆர்ஜிக்கு மாறியிருக்கிறேன். அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் சார்ட். டிஸ்சார்ஜ் சம்மரியில் "யூரோசெப்சிஸ்" என்று இருக்கிறது. அவசரப் பிரிவு டாக்டர் முதல் நாள் "செப்சிஸாக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். அதன் பிறகு அந்தச் சொல் எங்கும் இல்லை. டீம் லீட் N39.0 போட்டு முடிக்கச் சொல்கிறார். பக்கத்து சீட் நண்பர் A41.9 என்கிறார். நான், "காய்ச்சல், வெள்ளணு, லாக்டேட் எல்லாம் அதிகம். நோயாளிக்கு செப்சிஸ் இருப்பதாகத் தெரிகிறது. டிஆர்ஜி சரியாக வர, தயவுசெய்து செப்சிஸ் என்று டாக்குமென்ட் செய்யவும்" என்று க்யூரி எழுதினேன். டாக்டருக்குப் போகும் முன்பே க்யூஏ 'லீடிங் க்யூரி' என்று எரர் போட்டுவிட்டார். சார்ட்டில் இருந்ததைத்தானே எழுதினேன்? எப்படி எழுதியிருக்க வேண்டும்?

பதில்:

க்யூஏ போட்ட எரர் சரியானது. ஆனால் இந்த சார்ட்டுக்கு க்யூரி வேண்டும் என்று நீங்கள் நினைத்ததும் சரிதான். லீட் சொன்ன சிறுநீர்ப் பாதைத் தொற்றுக் கோடும் நண்பர் சொன்ன செப்சிஸ் கோடும் அந்தச் சொல்லிலிருந்து வர முடியாது.

ஐசிடி-10-சிஎம் இண்டெக்ஸில் யூரோசெப்சிஸைத் தேடிப் பாருங்கள். கோடு இருக்காது, என்ன நோயோ அதற்குக் கோடு போடு என்ற குறிப்பு மட்டும் இருக்கும். அதிகாரபூர்வ கைட்லைன்ஸில் முதல் அத்தியாயத்தின் செப்சிஸ் பகுதி இன்னும் தெளிவாகச் சொல்கிறது: இது குறிப்பான பொருளில்லாத சொல், இதை செப்சிஸுக்குச் சமமாக எடுக்கக் கூடாது, டாக்டர் இதை எழுதினால் அவரிடம் க்யூரி கேட்டே ஆக வேண்டும். கைட்லைன்ஸில் பல இடங்களில் க்யூரி "கேட்கலாம்" என்ற தொனியில் வரும். இங்கே கட்டாயம்.

உங்கள் லீட் N39.0 என்று சொன்னதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2015 அக்டோபர் 1 வரை அமெரிக்காவில் ஐசிடி-9-சிஎம் நடைமுறையில் இருந்தது. அந்த இண்டெக்ஸில் யூரோசெப்சிஸுக்கு 599.0, அதாவது சிறுநீர்ப் பாதைத் தொற்று, என்று ஒரு டீஃபால்ட் கோடு இருந்தது. அந்தக் காலத்தில் வேலை பழகியவர்களுக்குக் கை தானாக அங்கே போகும். ஐசிடி-10 வந்தபோது அந்த டீஃபால்ட்டை எடுத்துவிட்டார்கள். டாக்டர்கள் இந்தச் சொல்லை இரண்டு பொருளில் எழுதுவதுதான் பிரச்சினை. சிலர் கடுமையான சிறுநீர்த் தொற்றை மட்டும் சொல்வார்கள். சிலர் சிறுநீர்த் தொற்றிலிருந்து உடல் முழுக்கக் கிளம்பிய செப்சிஸைச் சொல்வார்கள். இரண்டும் வேறு நோய்கள். கோடும் பில்லும் இரண்டுக்கும் வேறு. எதை நினைத்து எழுதினார் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும்.

சார்ட்டில் வேறொரு இடத்தில் சிறுநீர்ப் பாதைத் தொற்று என்று டாக்டரே தெளிவாக எழுதியிருந்தால் N39.0 போட ஆதாரம் உண்டு. அந்த ஆதாரம் அந்த வரியிலிருந்து வருகிறது, யூரோசெப்சிஸிலிருந்து அல்ல. அப்போதும் க்யூரி தேவைதான்.

நண்பர் அவசரப் பிரிவு டாக்டரின் வரியைப் பிடித்திருக்கிறார். ஐபி கோடிங்கில் "இருக்கலாம்", "சந்தேகம்" போன்ற உறுதியில்லாத நோய்களையும் இருப்பதாகவே கோடு செய்யலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அவுட்பேஷன்ட்டில் அது கிடையாது என்பதால் புதிதாக மாறியவர்களுக்கு இது பெரிய வசதியாகத் தெரியும். ஆனால் அந்தச் சந்தேகம் டிஸ்சார்ஜ் சமயத்திலும் நிற்க வேண்டும். முதல் நாள் இரவு அவசரப் பிரிவில் எழுந்து, மறுநாள் பொறுப்பேற்ற டாக்டர் ஒருமுறைகூடத் தொடாத சந்தேகம் அந்த விதிக்குள் வராது. அதற்காக அந்த வரி வீண் இல்லை. உங்கள் க்யூரியில் அதற்கு ஓர் இடம் உண்டு.

இனி நீங்கள் எழுதிய க்யூரிக்கு வருகிறேன். சார்ட்டில் இருந்ததைத்தான் எழுதினேன் என்கிறீர்கள். காய்ச்சலும் வெள்ளணுவும் லாக்டேட்டும் சார்ட்டில் இருந்தவை. "செப்சிஸ் இருப்பதாகத் தெரிகிறது" என்பது சார்ட்டில் இல்லாதது. அது நீங்கள் எடுத்த முடிவு. நோய் இது என்று சொல்லும் உரிமை சிகிச்சை கொடுத்தவருக்கு மட்டுமே உண்டு. லேப் ரிப்போர்ட்டில் ஒரு மதிப்பு எல்லை மீறியிருந்தாலும், டாக்டர் அதற்கு ஒரு பொருள் சொல்லாதவரை நாம் அதிலிருந்து கோடு எடுக்க முடியாது. க்யூரியிலும் அதே எல்லைதான்.

"செப்சிஸ் என்று டாக்குமென்ட் செய்யவும்" என்பது கேள்வியே இல்லை, வேண்டுகோள். இருபது நோயாளிகளைப் பார்த்துவிட்டு இன்பாக்ஸைத் திறக்கும் ஒரு டாக்டர் அதற்கு "சரி" என்று தட்டிவிட்டுப் போவார். அந்தச் "சரி" அவருடைய மருத்துவ முடிவா, உங்கள் வாசகத்துக்குப் போட்ட கையெழுத்தா என்று பின்னால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

"டிஆர்ஜி சரியாக வர" என்ற மூன்று சொற்கள்தான் மிகவும் ஆபத்தானவை. மருத்துவமனைக்கு வரும் பணத்தின் மீதோ தரக் கணக்கின் மீதோ பதில் என்ன விளைவை உண்டாக்கும் என்று க்யூரியில் எங்கும் சொல்லக் கூடாது. அஹிமா, அக்டிஸ் என்ற இரண்டு அமெரிக்கத் தொழில் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்டு, 2022-ல் புதுப்பித்த க்யூரி நடைமுறை வழிகாட்டியில் இது தெளிவாக இருக்கிறது. உங்கள் க்யூஏ அதை வைத்துத்தான் மதிப்பெண் போடுவார். விஷயம் மதிப்பெண்ணோடு நிற்பதும் இல்லை. நோயாளி மெடிகேர் திட்டத்தில் இருப்பவராக இருந்தால், பணத்தைக் காட்டி வாங்கிய ஒரு நோய்ப் பெயரின் மீது போன பில், அமெரிக்கப் பொய்க் கோரிக்கைச் சட்டத்தின் கீழ் கேள்விக்குள்ளாகலாம். அந்தச் சட்டத்தில் இழப்பைப் போல மூன்று மடங்கு வசூலிக்க இடமுண்டு. அந்த விசாரணையில் முதலில் கேட்கும் தாள்களில் உங்கள் க்யூரியும் இருக்கும்.

சரி, எப்படி எழுதுவது? உங்கள் சார்ட்டின் எண்களை நீங்கள் கடிதத்தில் எழுதாதது நல்லது. எனக்கு அனுப்பவும் வேண்டாம். நோயாளியின் விவரம் கம்பெனி சிஸ்டத்தை விட்டு வெளியே வரக் கூடாது. வகுப்பில் பயன்படுத்துவதற்காக நானே கட்டி வைத்திருக்கும் ஒரு சார்ட்டை வைத்துச் சொல்கிறேன். அதில் வருபவர் நிஜ மனிதர் அல்ல.

வயது 74, பெண். இரண்டு நாளாகச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை. அவசரப் பிரிவுக்கு வரும்போது காய்ச்சல் 102.4 டிகிரி ஃபாரன்ஹீட், நாடித்துடிப்பு 118, சுவாசம் நிமிடத்துக்கு 24, ரத்த அழுத்தம் 98/56. நினைவு தெளிவாக இருக்கிறது. வெள்ளணு 18,600. லாக்டேட் 2.4, ஆறு மணி நேரம் கழித்து 1.3. கிரியாட்டினின் 2.1, இரண்டு மாதம் முன்பு இதே மருத்துவமனையில் எடுத்தது 0.9. சிறுநீர் கல்ச்சரில் ஒரு லட்சத்துக்கு மேல் ஈ.கோலை. ரத்தக் கல்ச்சர் இரண்டு செட்டும் ஐந்து நாள் வரை வளர்ச்சியில்லை. இரண்டு லிட்டர் சலைன் வேகமாக ஏற்றினார்கள், மூன்று நாள் செஃப்ட்ரயாக்சோன் ஊசி, பிறகு மாத்திரை. மூன்றாம் நாள் கிரியாட்டினின் 1.0. டிஸ்சார்ஜ் சம்மரியில் இருப்பது: "யூரோசெப்சிஸ், குணமடைந்தது. ஏகேஐ, குணமடைந்தது."

ஏகேஐ என்பது திடீர் சிறுநீரகப் பாதிப்பு. இந்தச் சார்ட்டில் உண்மையில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, யூரோசெப்சிஸ் எதைக் குறிக்கிறது? இரண்டாவது, சிறுநீரகம் எதனால் பாதிக்கப்பட்டது? இரண்டு நாள் வாந்தியில் உடல் நீர் வற்றியதாலா, செப்சிஸாலா, இரண்டாலுமா? செப்சிஸும் உறுப்புப் பாதிப்பும் சேர்ந்து இருந்து, ஒன்றோடொன்று சம்பந்தமா என்று சார்ட்டில் தெளிவில்லாவிட்டால் அதையும் க்யூரி கேட்க வேண்டும் என்று கைட்லைன்ஸ் சொல்கிறது. முதல் கேள்வியில் மட்டும் கண் வைத்து இரண்டாவதை விட்டுவிடுவதுதான் ஆடிட்டில் நான் அடிக்கடி பார்க்கும் குறை. பதில் வந்த பிறகு இன்னொரு க்யூரி போகும், டாக்டர் சலித்துக்கொள்வார், சார்ட் இன்னும் நான்கு நாள் ஹோல்டில் கிடக்கும்.

நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். உள்ளடக்கத்தைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன்.

தலைப்பு: ஆவணத் தெளிவு கோருதல்.

டாக்டர் அவர்களுக்கு, டிஸ்சார்ஜ் சம்மரியிலும் 2, 3-ம் நாள் ப்ரோக்ரஸ் நோட்டுகளிலும் "யூரோசெப்சிஸ்" என்று பதிவாகியுள்ளது. முதல் நாள் அவசரப் பிரிவுக் குறிப்பில் "செப்சிஸாக இருக்கலாம்" என்று உள்ளது.

சார்ட்டில் காணப்படுபவை: வருகையின்போது வெப்பநிலை 102.4, நாடி 118, சுவாசம் 24, ரத்த அழுத்தம் 98/56, நினைவு தெளிவு (அவசரப் பிரிவு நர்ஸ் குறிப்பு). வெள்ளணு 18,600. லாக்டேட் 2.4, மறுபரிசோதனையில் 1.3. சிறுநீர் கல்ச்சர்: ஈ.கோலை, ஒரு லட்சத்துக்கு மேல். ரத்தக் கல்ச்சர் இரண்டு செட், ஐந்து நாளில் வளர்ச்சியில்லை. சிகிச்சை: சலைன் 2 லிட்டர், செஃப்ட்ரயாக்சோன் 3 நாள்.

உங்கள் மருத்துவக் கணிப்பின்படி, "யூரோசெப்சிஸ்" என்று குறிப்பிட்ட நிலையைத் தெளிவுபடுத்தவும்:
☐ சிறுநீர்ப் பாதைத் தொற்று மட்டும், செப்சிஸ் இல்லை (கிருமி தெரிந்தால் குறிப்பிடவும்)
☐ சிறுநீர்ப் பாதைத் தொற்றால் ஏற்பட்ட செப்சிஸ் (கிருமி தெரிந்தால் குறிப்பிடவும், அட்மிஷனின்போதே இருந்ததா என்பதையும் குறிப்பிடவும்)
☐ வேறு (எழுதவும்)
☐ மருத்துவ ரீதியாகத் தீர்மானிக்க இயலவில்லை

இரண்டாவதாக, "ஏகேஐ" பதிவாகியுள்ளது. கிரியாட்டினின் 2.1, முன்பு 0.9, மூன்றாம் நாள் 1.0. வருமுன் இரண்டு நாள் வாந்தி, உணவு குறைவு என்று அட்மிஷன் குறிப்பில் உள்ளது. இதன் காரணம் தெரிந்தால் குறிப்பிடவும்:
☐ உடல் நீர் இழப்பு
☐ செப்சிஸ் (மேலே அவ்வாறு குறிப்பிட்டிருந்தால்)
☐ இரண்டும்
☐ வேறு (எழுதவும்)
☐ தீர்மானிக்க இயலவில்லை

பதிலை டிஸ்சார்ஜ் சம்மரியில் அடென்டமாகப் பதிவு செய்யவும்.

இதில் சிலவற்றை ஏன் இப்படி வைத்தேன் என்று சொல்ல வேண்டும்.

தலைப்பில் "செப்சிஸ் க்யூரி" என்று போடவில்லை. பல கம்பெனிகளின் டெம்ப்ளேட்டிலேயே அப்படி ஒரு பெயர் இருக்கும். டிராப்-டவுனில் தேர்ந்தெடுத்தால் தானாக மேலே ஏறிவிடும். உள்ளே எவ்வளவு நேர்மையாக எழுதினாலும், டாக்டர் முதலில் படிப்பது தலைப்பைத்தான். தலைப்பும் லீடிங்காக இருக்கக் கூடாது என்பது 2022 வழிகாட்டியிலேயே இருக்கிறது. உங்கள் சிஸ்டத்தில் வேறு பெயரே இல்லையென்றால் லீடிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

செப்சிஸுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் தகவல்களையும் சேர்த்திருக்கிறேன். நினைவு தெளிவு, ரத்தக் கல்ச்சரில் வளர்ச்சியில்லை, லாக்டேட் இறங்கியது. உங்கள் க்யூரியில் உயர்ந்திருந்தவை மட்டும் இருந்தன. ஒவ்வொன்றும் உண்மைதான், ஆனால் பொறுக்கியெடுத்த உண்மை. க்யூஏவின் 'லீடிங்' என்ற சொல்லில் அதுவும் அடங்கும். அதே நேரம், ரத்தக் கல்ச்சர் நெகட்டிவ் என்பதாலேயே செப்சிஸ் இல்லை என்று நீங்களாக முடிவு கட்டவும் கூடாது. நெகட்டிவ் கல்ச்சர் செப்சிஸை ரத்து செய்யாது, டாக்டரைக் கேள் என்று கைட்லைன்ஸே சொல்கிறது.

செப்சிஸ் என்ற பெயரை விருப்பங்களில் எழுதலாமா என்று நீங்கள் தயங்கக்கூடும். எழுதலாம். சார்ட்டில் ஆதாரம் இருந்தால், பல விருப்பங்களில் ஒன்றாக ஒரு புதிய நோய்ப் பெயரைக் கொடுப்பது லீடிங் ஆகாது. "நோயாளிக்கு செப்சிஸ் இருந்ததா, ஆம் அல்லது இல்லை" என்று கேட்பதுதான் கூடாது. ஆம்-இல்லை கேள்வி ஏற்கெனவே பதிவான நோய்களுக்கு உரியது: அட்மிஷனின்போதே இருந்ததா, இன்னதால் வந்ததா என்பது போன்றவை. பதிவாகாத நோயை அதன் வழியாகக் கொண்டுவர முடியாது. கூடவே, விருப்பங்களை நிரப்புவதற்காகப் பொருந்தாத நோய்களைச் சேர்க்காதீர்கள். இந்த நோயாளிக்கு செப்டிக் ஷாக்குக்கு எந்தத் தடயமும் இல்லை. ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து ஏறவே இல்லை. அதை ஒரு விருப்பமாகப் போட்டால், இந்தக் கோடருக்கு சார்ட் படிக்கத் தெரியாது என்றுதான் டாக்டர் நினைப்பார்.

பழைய கிரியாட்டினின் 0.9-ஐ முந்தைய அட்மிஷனிலிருந்து எடுத்தேன். முந்தைய விசிட்டின் தகவலை, இப்போதைய நிலைக்கு மருத்துவ ரீதியாகப் பொருத்தமாக இருந்தால் காட்டலாம். ஏகேஐக்கு அடிப்படை அளவு இல்லாமல் பேச முடியாது, எனவே பொருத்தம். போன வருட சார்ட்டில் செப்சிஸ் இருந்தது, அதனால் இப்போதும் இருக்கலாம் என்று காட்டுவதற்கு அந்த அனுமதி உதவாது.

பதில் வந்த பிறகு என்ன நடக்கும் என்று பாருங்கள். இது உங்களுக்குத் தெரிய வேண்டும். க்யூரியில் மட்டும் வரக் கூடாது.

"சிறுநீர்த் தொற்று மட்டும், ஈ.கோலை, சிறுநீரகம் நீர் இழப்பால்" என்று பதில் வந்தால் N39.0 முதன்மை நோய். கூடவே B96.20, N17.9, E86.0. எம்எஸ்-டிஆர்ஜி 690.

"ஈ.கோலை தொற்றால் செப்சிஸ், அட்மிஷனின்போதே இருந்தது, சிறுநீரகம் நீர் இழப்பால்" என்றால் A41.51 முதலில், பிறகு N39.0, N17.9, E86.0. டிஆர்ஜி 872. அட்மிஷனின்போது செப்சிஸும் உறுப்பளவுத் தொற்றும் இரண்டும் இருந்தால் செப்சிஸ்தான் முதலில் வரும். ஒருவேளை செப்சிஸ் மூன்றாம் நாள் வார்டில் ஆரம்பித்தது என்று பதில் வந்தால் வரிசை மாறிவிடும். தொற்று முதலில், செப்சிஸ் பிறகு, அட்மிஷனின்போது இல்லை என்பதைக் காட்டும் பிஓஏ N. அட்மிஷனின்போது இருந்ததா என்று விருப்பத்துக்குள்ளேயே கேட்டது இதற்காகத்தான்.

"செப்சிஸ், அதனால் சிறுநீரகப் பாதிப்பு" என்றால் கடுமையான செப்சிஸுக்கான R65.20 சேருகிறது. அது எம்சிசி, அதாவது பெரிய சிக்கல் அல்லது கூட்டு நோய் என்ற வகை. டிஆர்ஜி 871 ஆகிவிடும். 871-ன் எடை 690-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஒரே நோயாளி, ஒரே ஊசி, ஒரே மூன்று நாள். ஒரு டாக்டரின் இரண்டு டிக் பில்லை அவ்வளவு தூரம் நகர்த்துகிறது. அந்த டிக்குகளை அவர் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் போட வேண்டும் என்று இவ்வளவு கண்டிப்பு இருப்பது இதனால்தான்.

டாக்டர் கிருமியைக் குறிப்பிடாமல் "சிறுநீர்த் தொற்றால் செப்சிஸ்" என்று மட்டும் எழுதினால் A41.9தான். கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களாக A41.51 போடாதீர்கள். இரண்டாவது கேள்வியில் "தீர்மானிக்க இயலவில்லை" என்றால் R65.20 கிடையாது, அந்தப் பதிலும் முழுமையான பதில்தான், திரும்பக் கேட்டுத் தொல்லை கொடுக்கக் கூடாது. இன்னொன்று, "சாத்தியமுள்ள செப்சிஸ்" என்று டிஸ்சார்ஜ் அடென்டத்தில் எழுதினால், இப்போது நான் முன்பு சொன்ன ஐபி விதி பொருந்தும். அதை இருப்பதாகவே கோடு செய்வீர்கள்.

அடுத்து வரும் சிக்கலை ஐபியில் புதியவர்கள் எதிர்பார்ப்பதில்லை. டாக்டர் செப்சிஸ் என்று டிக் செய்துவிட்டார், நீங்களும் கோடு போட்டுவிட்டீர்கள், சில மாதம் கழித்து இன்ஷூரன்ஸ் நிறுவனம் மறுக்கிறது. காரணம், செப்சிஸுக்கு இரண்டு வரையறைகள் புழக்கத்தில் உள்ளன. பழைய முறையில் தொற்றும், வெப்பநிலை, நாடி, சுவாசம், வெள்ளணு ஆகிய நான்கில் இரண்டும் எல்லை மீறினால் போதும். நம் 74 வயது அம்மாளுக்கு நான்கும் மீறியிருக்கின்றன. 2016-ல் வந்த செப்சிஸ்-3 முறையில், தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்பட்டு, அந்தப் பாதிப்பை அளக்கும் சோஃபா மதிப்பெண் குறைந்தது இரண்டு கூட வேண்டும். இவருக்கு கிரியாட்டினின் 0.9-லிருந்து 2.1 ஆனதே இரண்டு மதிப்பெண். ஆனால் அந்த உயர்வு வாந்தியால் வந்தது என்று டாக்டர் சொன்னால் அந்த இரண்டும் போய்விடும். செப்சிஸ்-3 கணக்கில் செப்சிஸே நிற்காது. ஆக, நம் இரண்டாவது கேள்வி R65.20-க்கு மட்டும் அல்ல, முதல் பதில் மறுப்பைத் தாங்குமா என்பதற்கும் சேர்த்துத்தான்.

இதில் கோடரின் எல்லை எது? டாக்டர் நோய் உண்டு என்று எழுதினால் அந்த வாக்குதான் கோடுக்கு ஆதாரம். எந்த வரையறையைப் பயன்படுத்தினார் என்பது அல்ல. இதுவும் கைட்லைன்ஸில் இருக்கிறது. எனவே "செப்சிஸ்-3 படி இது செப்சிஸ் இல்லை" என்று நீங்களாக A41.51-ஐ நீக்க முடியாது. பதிலுக்கும் சார்ட்டுக்கும் பெரிய இடைவெளி தெரிந்தால் கோடை மாற்றாமல் லீட் வழியாக, மருத்துவ ஆவணங்களின் தரத்தைப் பார்க்கும் க்ளையன்ட்டின் சிடிஐ குழுவுக்கு அனுப்புங்கள். அதற்கு க்ளினிக்கல் வேலிடேஷன் என்று தனி நடைமுறை இருக்கிறது. அங்கே நர்ஸ்களும் ஆலோசக டாக்டர்களும் பேசிக்கொள்வார்கள். க்ளையன்ட் மருத்துவமனை எந்த வரையறையை ஏற்றிருக்கிறது என்பது அவர்களுடைய கொள்கை ஆவணத்தில் பெரும்பாலும் இருக்கும். உங்கள் ப்ராசஸின் கைட்லைன் ஃபோல்டரில் அது இல்லையென்றால் கேட்டு வாங்கி வையுங்கள்.

பதில் எங்கே வந்தது என்பதையும் பாருங்கள். டாக்டர் மெசேஜில் "ஆமாம், செப்சிஸ்தான்" என்று ஒரு வரி போட்டுவிட்டு சார்ட்டைத் தொடாமல் விடுவது அடிக்கடி நடக்கும். க்யூரி ஃபார்மே நிரந்தர மருத்துவ ஆவணத்தின் பகுதி என்று சில மருத்துவமனைகள் கொள்கை வைத்திருக்கின்றன. அங்கே ஃபார்மில் கையெழுத்தோடு வந்த பதில் போதும். மற்ற இடங்களில் க்யூரி அலுவல் கோப்பில் மட்டும் இருக்கும். அங்கே அடென்டம் இல்லாமல் கோடு போட்டால், ஆடிட்டர் சார்ட்டைத் திறக்கும்போது செப்சிஸ் எங்குமே இருக்காது. ஃபார்மைக் கண்ணால் பார்த்தேன் என்பது அப்போது உதவாது.

பதிலே வராவிட்டால்? சார்ட்டை ஹோல்டில் வைத்து, அனுப்பிய தேதியையும் நினைவூட்டிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். க்ளையன்ட் கொடுத்த கால எல்லை தாண்டினால் எஸ்கலேஷன் படிநிலைப்படி மேலே அனுப்புங்கள்; கடைசிப் படியில் மருத்துவமனையின் ஆலோசக டாக்டர் நேரில் பேசுவார். டார்கெட் நெருக்கத்தில் ஹோல்டு எண்ணிக்கையைக் குறைக்க A41.9 போட்டுவிட்டு மூடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். N39.0 போட்டு மூடச் சொன்னால், சார்ட்டில் சிறுநீர்ப் பாதைத் தொற்று என்ற தெளிவான வரி எந்தத் தேதிக் குறிப்பில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அந்த வரி இருந்து, க்யூரி விடையின்றி முடிந்ததாக க்ளையன்ட் எழுத்தில் உறுதி செய்தால் மட்டும் மூடலாம்.

க்யூஏ எரருக்கு ரிபட்டல் போட வேண்டாம், நிற்காது. உங்கள் க்யூரி டாக்டரிடம் போகாமல் நின்றது நல்லதாயிற்று. போயிருந்து, அவர் செப்சிஸ் என்று பதில் எழுதியிருந்தால், அதை வைத்துக் கோடு போடவும் முடியாது, இல்லாததாக நினைத்து இன்னொரு க்யூரி அனுப்பவும் முடியாது. கம்ப்ளையன்ஸ் குழுவிடம்தான் ஒப்படைத்திருக்க வேண்டும். பழைய ட்ராஃப்டைத் திருத்தாமல் ஒதுக்கிவிட்டு, சார்ட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்துப் புதிதாக எழுதுங்கள். படிக்கும்போது கிரியாட்டினினையும் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. சார்ட்டிலும் ஏகேஐ இல்லையென்றால் ஒரு கேள்வி போதும்.